அரை அங்குல ஸ்க்ரூ

போன ஐப்பசியில் ஒரு காலை, குளியலறைக்குள் போன அத்தை கால் மணி நேரமாகியும் வெளியே வரவில்லை. கூப்பிட்டால் உள்ளிருந்து முனகல் மட்டும் வந்தது. அத்தை மகன் தோளைக் கொடுத்து இரண்டு இடி இடித்தான், கதவு திறந்துகொண்டது. சர்க்கரை இறங்கி மயக்கம். சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததால் கதவு அவர்மேல் மோதவில்லை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்து, டாக்டர் வந்து பார்த்துப் போன பிறகுதான் அந்தக் கதவை நான் கவனித்தேன்.

தாழ்ப்பாள் கதவில் அப்படியே இருந்தது. கம்பி வளையவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. கம்பி போய் நுழைகிற நாதாங்கிதான் நிலையைவிட்டுப் பெயர்ந்து ஈரத் தரையில் கிடந்தது. அதன் நான்கு ஸ்க்ரூக்களும் அரை அங்குல நீளம். மரையின் இடுக்குகளில் மாவு போல மரத்தூள் ஒட்டியிருந்தது.

மறுநாள் வந்த ஆசாரி அதைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "நாப்பது வருசமா வேலை பாக்குறேன் தம்பி. தாழ்ப்பாக் கம்பி ஒடஞ்சு நான் பாத்தது ரெண்டு தடவையோ மூணு தடவையோதான். எப்பவும் பிடிப்புதான் விடும்."

கடையில் நாம் பார்ப்பது கம்பியின் பருமனை, பளபளப்பை, விலையை. அட்டையோடு இலவசமாக வருகிற ஸ்க்ரூவை யாரும் பார்ப்பதில்லை. கதவு மரமா இரும்பா, எந்தப் பக்கம் திறக்கிறது என்று கடைக்காரரும் கேட்பதில்லை. அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் எதை வாங்குவது, எதால் பொருத்துவது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் பெயர்களைப் பார்த்துவிடலாம். நம் ஊர்க் கடைகளில் டவர் போல்ட் என்றால் ஒரு தகட்டின்மேல் நீளவாக்கில் ஓடும் கம்பி, பிடித்து இழுக்க ஒரு குமிழ், எதிரே நிலையில் ஒரு நாதாங்கி. நான்கு அங்குலத்திலிருந்து பன்னிரண்டு அங்குலம்வரை நீளத்தைச் சொல்லியே கேட்பார்கள். இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் கம்பியை இடைவெளிவிட்டு வைத்த இரண்டு மூன்று வளையங்கள் பிடித்திருக்கும், நடுவே கம்பி திறந்தபடி தெரியும். இன்னொன்றில் கம்பி குழாய் போன்ற உறைக்குள் மறைந்து ஓடும். அதைத்தான் பேரல் போல்ட் என்கிறார்கள், ஆனால் பாதிக் கடைகளில் இரண்டுக்கும் டவர் போல்ட் என்றே பெயர். வெளிப்பக்கம் பூட்டு மாட்டுவதற்கான தடித்த கம்பியுடன் வருவது ஆல்டிராப். கம்பியே இல்லாமல், கீல் வைத்த ஒரு பட்டை மடிந்து வந்து வளையத்தில் மாட்டிக்கொள்வது கொண்டி. வளையம் அதன் நாதாங்கி. இவற்றுக்கெல்லாம் இந்தியத் தர நிர்ணயம் தனித்தனியாக உண்டு: டவர் போல்ட்டுக்கு ஐ.எஸ். 204, ஆல்டிராப்புக்கு ஐ.எஸ். 281, கொண்டிக்கு ஐ.எஸ். 363.

உறைபோட்ட பேரல் வகை வீட்டுக்குள் இருக்கும் கதவுக்கு அழகாக இருக்கும், விரலும் துணியும் மாட்டாது. அதையே வெளிக் கேட்டில் வைத்தால் உறைக்குள் புகுந்த மழைநீரும் தூசியும் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே துருப்பிடிக்கும். அடுத்த பெயின்ட் பூச்சில் மிச்சமிருக்கும் இடுக்கும் அடைபடும். வளையம் வைத்த திறந்த வகையில் தண்ணீர் வடிந்துவிடும், எண்ணெய்த் துணியால் துடைக்கவும் முடியும். ஆகவே வெளியில் திறந்த வகை, உள்ளே எது வேண்டுமானாலும் வைக்கலாம்.

இனி, கதவு திறக்கும் திசைக்கு வருகிறேன். அத்தை வீட்டுக் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பது. தாழ்ப்பாளும் உள்பக்கம்தான். வெளியிலிருந்து இடிக்கும்போது கதவு உள்ளே நகரப் பார்க்கிறது, கம்பியும் அதோடு நகர்ந்து நாதாங்கியை நிலையிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. கதவில் உள்ள தகட்டுக்கு இதில் சிரமமே இல்லை, கதவு அதைப் பின்னாலிருந்து தள்ளுகிறது, அவ்வளவுதான். முழுப் பாரமும் நாதாங்கியின் ஸ்க்ரூக்கள்மேல். அதனால்தான் அங்கே நாதாங்கி பெயர்ந்தது.

கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் கதை மாறிவிடும். வெளியிலிருந்து இழுக்கும்போது கதவு தாழ்ப்பாளைவிட்டு விலகிப் போகப் பார்க்கும். நாதாங்கி நிலையோடு அழுந்தித் தப்பித்துக்கொள்ளும். கதவில் உள்ள தகட்டின் ஸ்க்ரூக்கள்தான் பிடுங்கப்படும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கத்திலேயே தாழ்ப்பாள் இருந்தால் நிலையில் உள்ள துண்டுக்கு ஆபத்து. எதிர்ப்பக்கத்தில் இருந்தால் கதவில் உள்ள துண்டுக்கு ஆபத்து. உள்பக்கத் தாழ்ப்பாளோ வெளிப்பக்கக் கொண்டியோ, இந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

மரத்தில் ஸ்க்ரூ எப்படிப் பிடிக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மரையின் விளிம்பு நார்களுக்கு இடையே புகுந்து உட்காருகிறது, பிடுங்கினால் அந்த நார்கள்தான் எதிர்த்து நிற்கின்றன. மரத்துக்குள் மரை எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் பிடிப்பும் கூடும். அரை அங்குல ஸ்க்ரூவில் தகட்டின் தடிமன் போக மரத்துக்குள் இருப்பது பத்து மில்லிமீட்டர். ஒன்றேகால் அங்குல ஸ்க்ரூ போட்டால் முப்பது. நிலையோ மூன்று அங்குலத் தடிமன் உள்ள மரம். அங்கே இரண்டு அங்குல ஸ்க்ரூ போட்டால் தடுப்பார் யார்? சில ரூபாய் வித்தியாசம்தான். கதவில்தான் கை கட்டப்பட்டிருக்கிறது. பலகை முப்பது, முப்பத்தைந்து மில்லிமீட்டர் என்றால் ஒரு அங்குலத்துக்குமேல் போக முடியாது. வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருந்து பலமும் வேண்டுமென்றால், தகட்டின் இரண்டு துளைகளிலாவது கதவை ஊடுருவிப் போகும் போல்ட் நட் போட வேண்டும்.

நீளம் சரியாக இருந்தும் பிடிக்காமல் போவதற்கு இன்னொரு காரணத்தை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவசர வேலைக்காரர்கள் ஸ்க்ரூவைச் சுத்தியலால் முக்கால்வாசி அடித்து இறக்கிவிட்டு, கடைசி இரண்டு சுற்றை மட்டும் திருகுவார்கள். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். உள்ளே நார்கள் கிழிந்து மரை பிடிக்க இடமே இல்லாமல் போயிருக்கும். முறையான வேலை என்பது ஸ்க்ரூவின் நடுத்தண்டைவிடச் சற்றுச் சிறிய துளையை முதலில் போட்டு, மரையில் கொஞ்சம் சோப்பைத் தடவித் திருகுவது. தேக்கு மாதிரிக் கெட்டி மரத்தில் பித்தளை ஸ்க்ரூவை நேராகத் திருகினால் தலை முறிந்து கையோடு வந்துவிடும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி இறக்கி மரை வழி உண்டாக்கிய பிறகு பித்தளையைப் போடுவார் எங்கள் ஆசாரி. துளை ஏற்கெனவே தளர்ந்துவிட்டதா? மூங்கில் குச்சியை மரப்பசையில் தோய்த்து அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அதற்குள் புதிதாகத் துளை போடலாம். பெரிய ஸ்க்ரூவைப் போட்டுத் திணிப்பதைவிட இது நல்லது.

பிளஷ் டோர் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மேலே வழவழப்பாக ஒரே பலகை போலத் தெரிந்தாலும் சுற்றிலும் ஓரத்தில் சுமார் இரண்டு அங்குலம்தான் கெட்டி மரச் சட்டம், நடுவில் நிரப்பல். தாழ்ப்பாளின் தகடு அகலவாட்டில் கதவின் நடுப்பக்கம் நீண்டு போனால், ஓரத்துத் துளைகள் மட்டும் மரத்தில் பிடிக்கும், மற்றவை நிரப்பலில் போய்ச் சுற்றிக்கொண்டே இருக்கும். பூட்டு வைப்பதற்கென்று ஒரு இடத்தில் உள்ளே கட்டை வைத்திருப்பார்கள், கதவின்மேல் தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே தெரியும். இல்லையேல் தாழ்ப்பாளைச் செங்குத்தாக ஓரச் சட்டத்தின்மேலேயே வைத்து, மேலே அல்லது கீழே போடும்படி செய்துவிடலாம். பி.வி.சி. கதவுக்கும் இதே கதிதான், பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ மட்டும் போட்டால் ஓராண்டு தாங்கினால் பெரிது.

மரம் மழைக்காலத்தில் ஊதும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அது எந்தத் திசையில் ஊதுகிறது என்பதில் தாழ்ப்பாளின் தலையெழுத்தே இருக்கிறது. மரம் அகலத்தில் ஊதும், நீளத்தில் ஏறக்குறைய ஊதவே ஊதாது. பலகைகளைச் சேர்த்துச் செய்த இரண்டரை அடிக் கதவு சித்திரைக்கும் ஐப்பசிக்கும் இடையே ஐந்தாறு மில்லிமீட்டர்கூட அகலலாம். சட்டமும் தளர்ந்த பலகையுமாகச் செய்த கதவில் ஓரத்துச் சட்டங்கள் மட்டும்தான் கணக்கு என்பதால் ஒன்றிரண்டு மில்லிமீட்டரோடு நிற்கும். இப்படி அகலும்போது மேல்தாழும் கீழ்த்தாழும் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகின்றன. கோடையில் அளவெடுத்துப் போட்ட வட்டத் துளையில் மழையில் கம்பி நுழையாது. துளையை வட்டமாகப் போடாமல் பக்கவாட்டில் சற்று நீள்வட்டமாகப் போட்டால் வருடம் முழுக்கத் தொல்லையில்லை. குறுக்கே போடும் தாழ்ப்பாளுக்கு எதிரி வேறு. கீல் தளர்ந்து கதவு தொங்கும்போது அதன் கம்பி கீழே இறங்கிவிடும். எங்கே இடிக்கிறது என்று ஊகிக்க வேண்டாம். கம்பியின் நுனியில் சாக்பீஸ் தடவித் தள்ளுங்கள், இடிக்கிற இடத்தில் வெள்ளையாக அடையாளம் விழும். அடையாளம் கீழே இருந்தால் நாதாங்கியை அராவுவதற்கு முன் மேல் கீலின் ஸ்க்ரூவை முறுக்கிப் பாருங்கள்.

இரும்புக்கு இந்தப் புத்தியெல்லாம் உதவாது. ஐந்தடி அகலமுள்ள இரும்புக் கேட் முப்பத்தைந்து டிகிரி கூடுதலாகச் சூடேறினால்கூட ஒரு மில்லிமீட்டர் நீளாது. ஊதல் இங்கே பிரச்சினையே இல்லை. பிரச்சினை தடிமன். அச்சில் மடித்துச் செய்த இரும்பு நிலையின் தகடு ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் இருக்கும். சாதாரணமாகப் போடுகிற எட்டாம் நம்பர் தகட்டு ஸ்க்ரூவில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவே உள்ள தூரம் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். ஆக, அந்தத் தகட்டில் ஒரு முழுச் சுற்று மரைகூடப் பிடிப்பதில்லை. கேட்டை ஒவ்வொரு முறை சாத்தும்போதும் வருகிற அதிர்ச்சியில் அந்த ஒற்றைச் சுற்றும் தேய்ந்து, ஸ்க்ரூ தானாகக் கழன்று விழும். மரத்துக்கென்று விற்கிற தாழ்ப்பாளை வாங்கி இரும்புக் கேட்டில் ஸ்க்ரூ போட்டு மாட்டியவர்கள் எல்லாரும் இதை அனுபவித்திருப்பார்கள்.

நானும் அனுபவித்தவன்தான். வீட்டுப் பக்கச் சந்தில் மூன்றடி அகலத்தில் ஒரு ஒற்றைக் கேட். ஒரு அங்குலச் சதுரக் குழாய், சுவர் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். பளபளவென்று முலாம் பூசிய எட்டு அங்குல டவர் போல்ட்டை வாங்கி, நான்கு தகட்டு ஸ்க்ரூக்களால் நானே மாட்டினேன். ஓராண்டுக்குள் இரண்டு ஸ்க்ரூ காணாமல் போனது. ஓட்டை போட்ட இடங்களில் பெயின்ட் உரிந்து, குழாய்க்குள் தண்ணீர் இறங்கி, கீழ்மூலையில் துரு பொத்துக்கொண்டு வந்தது. அதையே வெல்டிங் வைத்துத் தரச் சொல்லிப் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

பட்டறைக்காரர் கையில் வாங்கவே இல்லை. "இது துத்தநாகம் பூசுனது சார். சூடு பட்டா புகை வரும், அத மூச்சுல இழுத்தா சாயங்காலம் காய்ச்சல் வந்து படுத்துடுவேன். முலாமும் கருகிடும், அந்த இடத்துலதான் மொதல்ல துரு ஏறும்."

அவர் சொன்னது சரி. அலுமினியத் தாழ்ப்பாளை இரும்போடு வெல்டிங் வைக்கவே முடியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வைக்கலாம், அதற்கு வேறு ராடு வேண்டும், ஒட்டிய இடத்தைச் சுத்தம் செய்து பூச்சும் கொடுக்க வேண்டும். கேட்டுக்கு உகந்தது முலாமில்லாத வெறும் இரும்பில் அங்கேயே செய்துகொள்கிற தாழ்ப்பாள்தான்.

அவர் செய்து கொடுத்ததைச் சொல்கிறேன். பதினாறு மில்லிமீட்டர் உருட்டுக் கம்பி. அதைவிட இரண்டு மில்லிமீட்டர் அகலமான துளையுள்ள குழாயில் இரண்டு அங்குலத் துண்டுகள் இரண்டு. அவற்றை நடுவில் நான்கு அங்குல இடைவெளிவிட்டுக் கேட்டில் ஒட்டினார். முதல் துண்டின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் முடிவுவரை எட்டு அங்குலம், கேட்டுக்கும் தூணுக்கும் சந்து ஒரு அங்குலம், தூணில் நுழைய ஒன்றரை அங்குலம். எனவே கம்பி பத்தரை அங்குலம். போட்ட நிலையிலும் கம்பி இரண்டு குழாய்த் துண்டுகளுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு. பின்துண்டைவிட்டு வெளியே வந்துவிடுகிற கம்பி ஆடும், ஆடுகிற கம்பியை நெம்புவது சுலபம். கைப்பிடியை நடு இடைவெளியில் ஒட்டியதால் கம்பி இரண்டு பக்கமும் கழன்று வர முடியாது.

ஒட்டும்போது கம்பியைக் குழாய்க்குள் வைத்தபடியே முதலில் புள்ளிப் புள்ளியாக ஒட்டினார், ஒவ்வொரு புள்ளிக்கும் கம்பியை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். ஒரே மூச்சில் ஒட்டினால் சூட்டில் குழாய் கோணிக்கொள்ளும், ஆறிய பிறகு கம்பி அசையாது. தூணில் நாதாங்கியாக ஆறு மில்லிமீட்டர்ப் பட்டை. அதில் துளை வட்டமில்லை. அகலம் பதினெட்டு மில்லிமீட்டர், உயரம் முப்பது. இரும்புக் கேட் ஊதாது, ஆனால் கீல் தேயத் தேயத் தொங்கும். மரக்கதவின் மேல்தாழுக்குப் பக்கவாட்டில் நீண்ட துளை என்றால், கேட்டின் குறுக்குத் தாழுக்கு மேலும் கீழும் நீண்ட துளை. ரெட் ஆக்ஸைடும் பெயின்ட்டும் வெளியில் மட்டும், குழாயின் உள்ளே கிரீஸ். உள்ளே பெயின்ட் வழிந்தால் அன்றைக்கே இறுகிவிடும்.

இரட்டைக் கேட்டுக்குத் தரையில் இறங்கும் தாழ் ஒன்றும் வேண்டும். அதன் குழியைச் சிமென்ட்டில் வெறும் ஓட்டையாகவிட்டால் மண் நிறைந்து, கம்பி அரை அங்குலம்கூட இறங்காது. அகலமான ஒரு குழாய்த் துண்டை ஆழமாகப் பதித்து, அடியில் ஜல்லி போட்டுவிட்டால் தண்ணீரும் இறங்கும், மண் சேரவும் நாளாகும்.

கேட் வெல்டிங் வைக்க முடியாத இடத்தில் இருந்தால் ஊடுருவும் போல்ட் நட்டுதான் வழி. சதுரக் குழாயை நட்டால் இறுக்கும்போது சுவர் உள்வாங்கும். பின்பக்கம் ஒரு பட்டையைக் கொடுத்து அளவாக இறுக்க வேண்டும்.

உலோகத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. குளியலறை ஈரத்துக்கும் கடற்கரை ஊர்களுக்கும் முலாம் பூசிய இரும்பு ஆகாது. பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்குங்கள். கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால், பித்தளை நிறத்தில் மினுக்கும் இரும்பு உடனே மாட்டிக்கொள்ளும். ஆனால் காந்தம் ஒட்டவில்லை என்பதாலேயே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உயர்தரம் என்று நம்பிவிடக் கூடாது. நன்றாக உழைக்கும் 304 ரகத்திலும் ஒட்டாது, விலை குறைந்து சீக்கிரம் கறைபிடிக்கும் 202 ரகத்திலும் ஒட்டாது. ஸ்க்ரூவும் தாழ்ப்பாளின் உலோகமாகவே இருக்கட்டும். அலுமினியத் தாழ்ப்பாளை வேறு உலோக ஸ்க்ரூவால் மாட்டினால் உப்புக்காற்றில் ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து அலுமினியம் அரிக்கத் தொடங்கும்.

கொண்டிக்கு வருவோம். சாமான் அறைக்கும் மாடிப்படிக் கதவுக்கும் வெளியே பூட்டுப் போட இதுவே போதும் என்று பலர் வைக்கிறார்கள். வைத்த பிறகு பூட்டிவிட்டு ஒரு முறை எதிரே நின்று பாருங்கள். ஸ்க்ரூத் தலை ஒன்றாவது கண்ணுக்குத் தெரிந்தால் பூட்டுக்குச் செலவழித்த காசு வீண். திருடனுக்குச் சாவி வேண்டாம், ஸ்க்ரூடிரைவர் போதும். நல்ல கொண்டியில் பட்டை மடிந்து வந்து எல்லா ஸ்க்ரூக்களையும் மூடிக்கொள்ளும், கீலின் ஆணியும் தட்டி எடுக்க முடியாதபடி இருபுறமும் நசுக்கப்பட்டிருக்கும். மரக்கதவில் ஸ்க்ரூவுக்குப் பதில், தலை உருண்டையாக இருந்து பிடிக்க வாகில்லாத போல்ட்டை வெளியிலிருந்து போட்டு உள்ளே நட்டை இறுக்கலாம். பழைய வீட்டுக் கதவுகளில் நாதாங்கியின் இரண்டு காலையும் நிலைக்குள் முழுக்க அடித்துப் பின்பக்கம் மடக்கியிருப்பார்கள். அதைப் பிடுங்க நிலையையே பெயர்க்க வேண்டும். இரும்பில் நாதாங்கியை ஒட்டிவிடலாம். கொண்டியை ஒட்டும்போது சூடு கீலுக்குப் போகாமல் ஈரத்துணி சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அத்தை வீட்டுக்கு ஆசாரி வந்த அன்று, நாதாங்கிக்கு இரண்டு அங்குல ஸ்க்ரூ போடச் சொல்லி நான் ஆரம்பித்தேன். அவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நேத்து ரெண்டு அங்குலம் போட்டிருந்தா அம்மாவ எப்படி வெளிய எடுத்திருப்பீங்க தம்பி?"

எனக்குப் பதில் இல்லை. குளியலறைத் தாழ்ப்பாள் மானத்துக்கு, திருடனுக்கு அல்ல. அங்கே பலம் தேவையில்லை, கம்பி ஈரத்தில் இறுகாமல் ஓடினால் போதும். உள்பக்கம் திறக்கும் கதவின் பின்னால் ஆள் விழுந்து கிடந்தால் தாழ்ப்பாள் பெயர்ந்தும் பயனில்லை என்றும் அவர்தான் சொன்னார். அன்றே நிலையின் காடியை மாற்றிக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி திருப்பி மாட்டினார். கீலும் இப்போது வெளிப்பக்கம் இருக்கிறது, அதில் தட்டினால் வெளியே வரும் ஆணி. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் ஆணிகளைத் தட்டி எடுத்துவிட்டுக் கதவைக் கீல் பக்கமாகவே இழுத்துவிடலாம். இதே காரணத்துக்காகச் சாமான் அறைக்கு அந்தக் கீல் கூடாது.

அத்தை வீட்டுக் குளியலறையில் இப்போது இருப்பது நான்கு அங்குலப் பித்தளை பேரல் போல்ட். ஸ்க்ரூ அரை அங்குலம்தான்.